ஆறாவது ஷீட்

என் மச்சினனுக்கு நான் தரவேண்டியது பதினான்காயிரத்து முந்நூறு ரூபாய். அதை அவன் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவான். செருப்பைச் சுவரோரம் ஜோடியாக வைப்பான். "நல்லா இருக்கீங்களா மாமா? கால் வலி எப்படி இருக்கு?" என்பான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான். கூரையைப் பார்ப்பான். அவன் தங்கச்சங்கிலியை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த பணத்தில் நான் போட்ட புதுக் கூரை அது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் போவான். அவன் போன பிறகு எனக்கு நாலு மூட்டை சிமெண்ட் தூக்கினது மாதிரி இருக்கும்.

"கேட்டாக்கூடப் பரவாயில்ல. கேக்காம உக்காந்து கொல்றான் உன் தம்பி" என்று மனைவியிடம் சொன்னேன்.

"கேட்டா, கேக்குறான்னு சொல்லுவீங்க. கேக்கலைன்னா, கேக்கலைன்னு சொல்றீங்க. கொடுத்துட்டா ரெண்டும் இருக்காது" என்றாள்.

கொடுக்க வழி இருந்தது. ஆலையில் கொதிகலனைப் பிரித்து மாட்டும் வேலை மூன்று வாரம் நடந்தது. இராப்பகலாக ஓவர்டைம். என் கணக்குப்படி எனக்கு ஓவர்டைம் மட்டும் பதினைந்தாயிரத்து நானூறு வரவேண்டும். வழக்கமான சம்பளம் தானாக வந்துவிடும். ஓவர்டைம் அப்படி வராது. அதற்கு டைம் ஷீட் கொடுக்க வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே, என்ன வேலை என்று ஒவ்வொருவனும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். நான் மேஸ்திரி. வெல்டர் ஒருவன். கேஸ் நெருப்பில் இரும்பு வெட்டும் கட்டர் ஒருவன். பாரம் தூக்கிக் கட்டும் ரிக்கர், வயிறு பெருத்த மனுஷன். மற்ற இரண்டு பேர் அண்ணன் தம்பி, ஃபிட்டர்கள். எங்களை வேலைக்கு வைத்திருக்கும் காண்ட்ராக்ட் கம்பெனியின் டைம் ஆபீஸ் மேடம் என்னைக் கூப்பிட்டுத் தெளிவாகவே சொன்னாள்.

"மேஸ்திரி, பில்லு ஆளுக்கு ஆள் போகாது, கூட்டமாத்தான் போகும். ஆறு ஷீட்டும் சேர்ந்தாத்தான் நான் கட்டு கட்டி ஆலைக்கு அனுப்புவேன். இருபத்தஞ்சாம் தேதி மதியம் பன்னெண்டு மணி. ஒண்ணு குறைஞ்சாலும் ஆறு பேர் ஓவர்டைமும் அடுத்த மாசத்துக்குப் போயிடும்."

அன்று பத்தொன்பது. என் ஷீட்டை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். ஒரு பக்கம் எழுத ஒன்றரை மணி நேரம் ஆகும். அதனாலேயே ஒரு தடவை எழுதினால் அழகாக எழுதுவேன். அதைப் போனில் படம் பிடித்து எங்கள் குரூப்பில் போட்டேன். "இதைப் பார்த்து எழுதுங்கள்" என்று கீழே ஒரு வரி. எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே போய் ஒரே நேரத்தில் வந்தவர்கள்தானே.

ஒருவனும் கொடுக்கவில்லை.

மறுநாள் டீ குடிக்கும் இடத்தில் கேட்டேன். "ஷீட்டு எழுதியாச்சா?"

"எழுதணும்" என்றான் கட்டர்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். சாயங்காலம் கருவிகளை எண்ணிப் பூட்டும்போது கேட்டேன். அடுத்த நாள் காலை, நான் கம்பிக் கதவைத் தாண்டி உள்ளே காலை வைக்கும்போதே கட்டர் கையைக் காதில் வைத்துக்கொண்டு, "கிர்ர்ர்... அலாரம் அடிச்சிருச்சு, எந்திரிங்கடா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு அலாரம் என்று பேர். ரிக்கர் மட்டும் மரியாதைக்காக "அலாரம் அண்ணே" என்றான்.

சிரிப்போடு போயிருந்தால் சரி. சிரிப்புக்குப் பின்னால் வேறொன்று வளர்ந்தது. நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றது. ஃபிட்டர் தம்பி என்னைப் பார்த்துவிட்டு அண்ணன் முதுகில் தட்டினான். கடைசியில் கட்டர்தான் போட்டு உடைத்தான்.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காத. ஷீட்டு எங்களுது, மணி எங்களுது. நீ ஏன் இப்படித் துடிக்கிற? ஒரு ஷீட்டுக்கு எவ்வளவு தர்றான் கம்பெனி?"

"எனக்கு வரவேண்டியதும் அதுலதானேடா மாட்டிக்கிட்டிருக்கு."

"அதான பார்த்தேன்" என்றான். நான் சொன்னதை நம்பிய மாதிரியும் இல்லை, நம்பாத மாதிரியும் இல்லை. பொறியில் எலி விழுந்ததா என்று பார்க்கிறவன் முகம் அது.

இருபத்திரண்டாம் தேதி எனக்குப் பொறுமை போய்விட்டது. குரூப்பில் ஒரு பட்டியல் போட்டேன். "ஷீட் கொடுக்காதவர்கள்" என்று தலைப்பு. கீழே ஐந்து பேர். பத்து நிமிஷத்தில் ரிக்கர் போனில் கத்தினான்.

"அண்ணே, நான் காலையிலேயே மேடம் கையில கொடுத்துட்டேன். எம்பேர எதுக்குப் போட்ட? குரூப்பு இருக்கிற போனு வீட்டுல எம்மவன் கையிலதான் இருக்கு. அப்பா வேலைக்குப் போறாரா இல்லையான்னு கேக்குறான்!"

நான் மேடத்திடம் கேட்காமலே போட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். ஆனால் உமிழ்ந்த எச்சில் உமிழ்ந்ததுதான். ஃபிட்டர்கள் இரண்டு பேரும், எழுதி வைத்திருந்த ஷீட்டைக்கூட அன்றைக்குக் கொடுக்கவில்லை. "பட்டியல்ல பேர் வந்தாச்சு, இனி என்ன அவசரம்" என்று அண்ணன்காரன் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

நான் மேடத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அவள் கோப்பைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"எத்தன தடவ கேட்டீங்க?"

"கணக்கே இல்ல."

"அங்கதான் தப்பு. நான் பதினாலு கூட்டத்துக்கிட்ட மாசாமாசம் வாங்குறேன். 'கொடுத்தியா, கொடுத்தியா'ன்னு கேட்டா அது கேள்வி இல்ல, குத்தல். ஒரு தடவ சொல்லுங்க. என்ன குறையுது, எப்போ வரைக்கும், எங்க கொடுக்கணும், கொடுக்கலைன்னா யாருக்கு என்ன ஆகும். அவ்வளவுதான். பேர் போடாதீங்க. கொடுத்தவங்களுக்கு நன்றி சொல்லுங்க. கடைசி நாளுக்கு முந்தின நாள் இன்னொரு தடவ. நடுவுல வாயத் தொறக்காதீங்க."

"அப்பவும் கொடுக்கலைன்னா?"

"தனியா போய்க் கேளுங்க. ஏன் கொடுக்கலன்னு கேக்காதீங்க. எந்த இடத்துல நிக்குதுன்னு கேளுங்க. அனேகமா ஏதோ ஒரு கட்டத்துலதான் மாட்டிக்கிட்டு நிப்பாங்க. வேலைக்கு என்ன நம்பர் போடணும்னு தெரியாது, மணி மறந்திருக்கும், வெக்கமா இருக்கும்."

வீட்டுக்கு வந்து அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆனது. "இரண்டு ஷீட் வந்துவிட்டது, நன்றி. இன்னும் நான்கு வரவேண்டும். இருபத்தைந்தாம் தேதி மதியம் பன்னிரண்டு மணி வரை மேடத்திடம் கொடுக்கலாம். ஆறும் சேர்ந்தால்தான் நம் ஆறு பேர் ஓவர்டைமும் ஏழாம் தேதி வரும். வேலை நம்பர் தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கள். பட்டியல் போட்டது என் தப்பு." அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் வாயைத் திறக்கவில்லை. நாக்கு அரித்தது. கட்டர் டீ கிளாஸோடு என் எதிரில் வந்து நின்று, "என்ன, பேட்டரி தீர்ந்துபோச்சா?" என்றான். நான் சிரித்தேன். மத்தியானம் அவனே வந்து வேலை நம்பர் கேட்டான். சாயங்காலம் மேடம், "கட்டரும் ஃபிட்டருங்க ரெண்டு பேரும் கொடுத்துட்டாங்க" என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியம். மூன்று ஷீட்டும் என்னுடையதைப் பார்த்து எழுதினது. நான் கோடு போட்டு அடித்த ஒரு எழுத்தைக்கூட ஃபிட்டர் தம்பி அப்படியே அடித்து வைத்திருந்தானாம்.

மிச்சம் ஒன்று. வெல்டர்.

அவன் எங்களோடு நாலு வருஷமாக இருக்கிறான். பேச்சு குறைவு. கருப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே டீ குடிப்பான். எங்கே பார்க்கிறான் என்று யாருக்கும் தெரியாது. முன்பு எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது கண்ணை மறைக்கத்தான் போட்டிருக்கிறானோ என்று தோன்றியது. ஷீட்டை எழுதிவிட்டான், சட்டைப் பையில் நாலாய் மடித்து வைத்திருக்கிறான் என்று ரிக்கர் சொன்னான். பைக்கு மேலே அதன் முனை எனக்கே தெரிந்தது. எழுதினதைக் கொடுக்க என்ன கேடு?

இருபத்துநாலாம் தேதி காலை அவனை வாசல் காவலாளியின் அறையில் பார்த்தேன். உள்ளே வருகிறவர், போகிறவர் நேரம் எழுதும் பெரிய நோட்டை விரித்து வைத்து, அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நோட்டை மூடினான். "சும்மா" என்றான்.

அந்த 'சும்மா'வை நாள் முழுக்கத் திருப்பித் திருப்பி யோசித்தேன். மேஸ்திரி வேலைக்கு அடிபோடுகிறானா? கட்டு போகாமல் தடுத்துவிட்டு, இவனுக்குக் கூட்டத்தை நடத்தத் தெரியவில்லை என்று மேலே சொல்லப் போகிறானா? இல்லை, நாங்கள் எல்லோரும் ஒருநாள் சீக்கிரம் கிளம்பினது எதையாவது எழுதி வைக்கிறானா?

"அவனுக்கு நீங்க ஏதாவது கெடுதல் பண்ணுனீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. கெடுதல் பண்ணுனவனுக்கு மறந்துபோகும்."

அன்று சாயங்காலம் இரண்டாவது தடவை குரூப்பில் போட்டேன். "ஐந்து வந்துவிட்டது, நன்றி. ஒன்று வரவேண்டும். நாளை மதியம் பன்னிரண்டு." பேர் போடவில்லை. ஐந்து பேர் கொடுத்துவிட்ட பிறகு பேர் போடுவதும் போடாததும் ஒன்றுதான். வெல்டர் படித்துவிட்டான் என்று போன் காட்டியது.

இருபத்தைந்தாம் தேதி ஒன்பதரை மணிக்கு வெல்டிங் மறைப்புக்குள் போனேன். அவன் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தான். "ஏன்டா கொடுக்கல" என்றுதான் வாய் வந்தது. அதை விழுங்கினேன்.

"தம்பி, உன் ஷீட்டு எந்த வரியில நிக்குது?"

அவன் கம்பியைக் கீழே வைத்தான். கண்ணாடியைக் கழற்றினான். இத்தனை நாளில் அவன் கண்ணை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். பயந்த கண்.

"சனிக்கிழமை ராத்திரி வரியில" என்றான்.

"அதுல என்ன?"

"உனக்குத் தெரியாதா மேஸ்திரி?"

"தெரிஞ்சா கேப்பேனா?"

அவன் பையிலிருந்து ஷீட்டை எடுத்து, முன்பக்கத்தைக் காட்டாமல் பின்பக்கத்தைத் திருப்பினான். எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து. நான் அந்தப் பக்கத்தை ஒருநாளும் படித்ததில்லை. முன்பக்கம் படிக்கவே எனக்கு மூச்சு வாங்கும். நாலாவது வரியில் விரலை வைத்தான். நான் எழுத்துக் கூட்டினேன். நள்ளிரவைத் தாண்டும் வேலை நேரம் முழுவதும், வேலை தொடங்கிய தேதியிலேயே எழுதப்பட வேண்டும்.

"மூணு சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு உள்ள போனோம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்தோம். பன்னெண்டு மணி நேரமும் சனிக்கிழமைதான். நீ நாலு மணி நேரம் சனிக்கிழமையில போட்ட. எட்டு மணி நேரம் ஞாயித்துக்கிழமையில போட்ட. ஞாயிறுக்கு ரெட்டைக் கூலி. ஒரு ராத்திரிக்கு அறுநூறு கூட. மூணு ராத்திரிக்கு ஆயிரத்து எட்டுநூறு. ஆளாளுக்கு."

"பன்னெண்டு அடிச்சா தேதி மாறும்லடா. அப்படித்தானே எழுதணும்?"

"உனக்கு நெசமாவே தெரியாதா?"

"சத்தியமா தெரியாது."

அவன் மூச்சை விட்டான். "நீ படம் போட்டு 'இதைப் பார்த்து எழுது'ன்னு சொன்ன. அப்புறம் காலையில கேட்ட, மத்தியானம் கேட்ட, சாயங்காலம் கேட்ட. பட்டியல் போட்ட. இவன் தெரிஞ்சுதான் பண்றான், ஆறு பேரையும் சேர்த்து மாட்டவைக்கத்தான் இந்தத் துரத்துத் துரத்துறான்னு நினைச்சேன். உன்ன மாதிரி எழுதினா நானும் திருடன். சரியா எழுதிக் கொடுத்தா அஞ்சு பேரும் திருடன்னு நான் காட்டிக்கொடுத்த மாதிரி. ஆலைக்காரன் ஷீட்டை வாசல் நோட்டோடதான் ஒத்துப் பார்ப்பான். அதுல சனிக்கிழமை உள்ள, ஞாயிறு வெளிய. ஷீட்டுக் கட்டையே திருப்பி அனுப்பிருவான். அதான் நோட்டைப் படம் எடுத்து வச்சேன். நாளைக்கு எவனாவது கேட்டா, எங்கிட்டயாவது ஒரு அத்தாட்சி இருக்கட்டும்னு."

"என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே?"

"நீ எப்பவும் நாலு பேர் முன்னாடி கேட்ட. நாலு பேர் முன்னாடி என்ன சொல்றது? மேஸ்திரி, நீ கள்ளக் கணக்கு எழுதுறன்னா?"

நான் அவனைச் சந்தேகப்பட்ட அதே நேரத்தில் அவனும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறான். ஒருவர் ஷீட்டை ஒருவர் காட்டியிருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தீர்ந்திருக்கும்.

மணி ஒன்பது ஐம்பது. மேடத்திடம் ஓடினேன். "அஞ்சையும் திருப்பிக் கொடுங்க, தப்பு இருக்கு" என்றேன். அவள் சனிக்கிழமை வரியைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "இதை நானே பார்த்திருக்கணும். அஞ்சும் ஒரே மாதிரி இருக்கவும் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். வெள்ளை மை பூசாதீங்க. தப்பான எண் தெரியற மாதிரி ஒரே கோடு போட்டு, பக்கத்துல சரியானதை எழுதி, அவங்கவங்க கையெழுத்து. பன்னெண்டு மணி."

டீ கொட்டகையில் எல்லோரையும் கூட்டினேன். வெல்டரும் வந்து ஓரத்தில் நின்றான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"நான் எழுதினது தப்பு. நீங்க என்னைப் பார்த்து எழுதினது. சனிக்கிழமை ராத்திரி முழுக்க சனிக்கிழமையிலதான் வரும். திருத்தினா ஆளுக்கு ஆயிரத்து எட்டுநூறு குறையும். திருத்தலைன்னா வாசல் நோட்டோட ஒத்துப்போகாது, கட்டு திரும்பி வரும். நுழைவுச் சீட்டும் போயிடலாம்."

கட்டர் டீயைக் கீழே ஊற்றினான். "ஆக, மொதல்ல எங்களக் கொடு கொடுன்னு கொன்ன. இப்ப திரும்ப வாங்கு வாங்குன்னு கொல்ற. இந்த ஆயிரத்து எட்டுநூறு யார் பையிக்குப் போகுது, அதைச் சொல்லு."

"யார் பைக்கும் போகல. எனக்கும் குறையுது."

"சொல்றதுக்கென்ன, காசா பணமா."

ரிக்கர் தலையைச் சொறிந்தான். "என்ன எழவுடா இது. ஷீட்டு குடுத்தா அசிங்கம், குடுக்கலைன்னாலும் அசிங்கம்."

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மேடம் சொன்னது ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. என் ஷீட்டை மேசையில் போட்டு, மூன்று சனி, மூன்று ஞாயிறு வரிகளில் கோடு போட்டேன். சரியான மணியை எழுதினேன். அவசரத்தில் கையெழுத்து கோணலாகப் போனது. ஆயிரத்து எட்டுநூறு ரூபாயை என் கையாலேயே அடிக்கிறேன் என்பதை எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

வெல்டர் போனை எடுத்து வாசல் நோட்டின் படத்தைக் கட்டரிடம் நீட்டினான். கட்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான், சிறிதாக்கிப் பார்த்தான். "சனி, எட்டு மணி. ஞாயிறு, எட்டு அஞ்சு" என்று படித்தான். "அந்த அஞ்சு நிமிஷத்துக்காவது காசு உண்டாடா?"

யாரோ சிரித்தார்கள். கட்டர் பேனாவுக்குக் கை நீட்டினான். ஃபிட்டர் தம்பி இந்தத் தடவை என் ஷீட்டைப் பார்த்து எழுதவில்லை. வெல்டருடைய படத்தைப் பார்த்து எழுதினான். எனக்குக் கொஞ்சம் சுட்டது. ஆனாலும் அதுதான் சரி.

பதினொன்று ஐம்பதுக்கு ஆறு ஷீட்டும் மேடம் கையில் இருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என்னுடையதை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள்.

ஏழாம் தேதி ஓவர்டைம் வந்தது. பதின்மூன்றாயிரத்து அறுநூறு. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். செருப்பை ஜோடியாக வைத்தான்.

"நல்லா இருக்கீங்களா மாமா? கால் வலி..."

"கால் இருக்கட்டும் மாப்ள. உனக்குத் தரவேண்டியது பதினாலாயிரத்து முந்நூறு. இதுல பதிமூணாயிரத்து அறுநூறு இருக்கு. எழுநூறு குறையுது. அடுத்த மாசம் ஏழாம் தேதி சம்பளத்துல தர்றேன். நீ வந்து உக்கார வேண்டியதில்ல, நானே கொண்டு வந்து கொடுக்கிறேன்."

அவன் முகம் போன போக்கு! ஐந்து மாதமாகக் கூரையைப் பார்த்துச் சேர்த்து வைத்ததை நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "ஐயோ மாமா, நான் கேக்கவே இல்லையே" என்றான். கேட்கவே இல்லாதவன் பணத்தை மூன்று தடவை எண்ணினான். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மனைவி அடுப்படியிலிருந்து, "கள்ள நோட்டு அடிக்கிற அளவுக்கு உங்க மாமாவுக்கு எழுத்து வராதுடா" என்றாள்.

அடுத்த மாதம் ஏழாம் தேதி, வேலை விட்டதும் நேராக அவன் வீட்டுக்குப் போனேன். எழுநூறையும் அவன் கையில் வைத்தேன். அவன் எண்ணி முடிக்கும் வரை நின்றேன்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு மாமா."

"எழுதிக் கொடு."

"எதை?"

"பாக்கி ஒண்ணும் இல்லைன்னு. தேதி போட்டு, கையெழுத்தோட."

"என்ன மாமா, என்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இருக்கு. எழுது."

அவன் மகனுடைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினான். நான் முன்பக்கம் படித்தேன். பிறகு திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.